தள்ளுவதா, தடையை எடுப்பதா?
கொடைரோட்டில் அரசு அலுவலர்களும் வணிகர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்



ஒரு துறையில் மாற்றம் ஒன்றைக் கொண்டுவரப் போகிறோம். அதற்கு முன், அந்த மாற்றத்தை முன்னே தள்ளுகிற விசைகள் எவை, பின்னே பிடித்து நிறுத்துகிற விசைகள் எவை என்று ஒரு தாளில் வரைந்து எடைபோட்டுப் பார்க்கிறோம். இதற்கு விசைப்புல ஆய்வு என்று பெயர். இன்றைக்குப் பேசக் கேட்டுக்கொண்ட தலைப்பு இதுதான். நிர்வாகப் பயிற்சி வகுப்புகளில் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். நடுவில் ஒரு கோடு, இடப்பக்கம் சாதகம், வலப்பக்கம் பாதகம், அவ்வளவுதான் என்பார்கள். அப்படிச் சொன்னால் அது கடைக்காரரின் வரவு செலவுக் கணக்கைத் தாண்டி ஒன்றுமில்லை என்று தோன்றிவிடும். அதில் இருக்கிற விஷயமே வேறு.

இந்தக் கருத்தைத் தந்தவர் கர்ட் லெவின். 1890இல், அப்போது பிரஷ்யாவில் இருந்த, இப்போது போலந்தில் இருக்கும் மொகில்னோ என்ற ஊரில் பிறந்த யூதர். பெர்லினில் உளவியல் கற்பித்தவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த 1933இல் நாட்டை விட்டு அமெரிக்கா போனார். 1947இல் காலமானார். அவர் கட்டுரை ஒன்று அதே ஆண்டில் ‘ஹ்யூமன் ரிலேஷன்ஸ்’ இதழில் வந்தது. அதில் அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஒரு தொழிற்சாலையில் நாளும் ஏறத்தாழ ஒரே அளவு உற்பத்தி நடக்கிறது. ஏன் கூடவில்லை என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஏன் குறையவில்லை என்றும் கேட்க வேண்டாமா? ஒரு நிலை அப்படியே நிற்கிறது என்றால், அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று பொருளில்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கின்றன என்று பொருள்.

இதற்கு நல்ல சான்று ஒன்று, வர்ஜீனியா மாநிலத்தின் மேரியன் ஊரில் இருந்த ஹார்வுட் என்ற பைஜாமா ஆலையில் கிடைத்தது. அங்கே துணிக்கு இஸ்திரி போடும் பிரிவில் ஒரு பெண். ஆலை எதிர்பார்த்த அளவு மணிக்கு 60 உருப்படி. அந்தக் குழுவில் எல்லோரும் 50 அளவில் நின்றார்கள். இந்தப் பெண் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறி 50ஐத் தாண்டத் தொடங்கியதும் மற்றவர்கள் அவரை ஒதுக்கி, குத்திப் பேச ஆரம்பித்தார்கள். அவருடைய அளவு இறங்கி 45க்குப் பக்கத்தில் வந்து நின்றது. பிறகு வேறு காரணத்துக்காக அந்தக் குழுவைக் கலைத்து மற்றவர்களை வேறு வேலைக்கு அனுப்பினார்கள். அவர் தனியாக அதே இடத்தில் இருந்தார். சில நாட்களுக்குள் அவர் 80ஐத் தாண்டிவிட்டார்.

யாரும் அவருக்குக் கூலியை ஏற்றவில்லை. கண்காணிப்பாளர் அதட்டவில்லை. ஊக்கப் பேச்சு எதுவும் நடக்கவில்லை. தள்ளுகிற விசை கூட்டப்படவே இல்லை. தடுத்துக்கொண்டிருந்த ஒன்று விலகியது. லெவினுடைய முழுக் கருத்தும் இந்த ஒரு பெண்ணின் கணக்கில் இருக்கிறது. நிலையை மாற்ற இரண்டு வழி உண்டு. தள்ளுவதைக் கூட்டலாம், தடுப்பதைக் குறைக்கலாம். இரண்டிலும் நிலை ஒரே அளவு நகரக்கூடும். ஆனால் தள்ளுவதைக் கூட்டினால் இரு பக்க இழுவையும் அதிகமாகி, அந்த இடத்தில் இறுக்கம் ஏறும். சண்டை, சோர்வு, பொய்க்கணக்கு எல்லாம் அந்த இறுக்கத்தில் பிறப்பவை. தடையைக் குறைத்தால் அதே நகர்வு குறைந்த இறுக்கத்தில் நடக்கும்.

இனி நம்மூருக்கு வருவோம். கொடைக்கானலுக்கு ரயிலில் வருபவர்கள் இறங்கும் ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்கு இதைத் தெரியும். நிலக்கோட்டைப் பூவும் இந்தப் பக்கத்துத் திராட்சையும் இந்த வழியாகத்தான் போகின்றன. 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் காரோ வேனோ வைத்திருப்பவர்களுக்கோ கொடைரோடு என்றால் சுங்கச்சாவடி. அந்தச் சாவடியைப் போன்ற ஒன்றின் கட்டண வசூல் பிரிவையே இன்று நம் துறையாக எடுத்துக்கொள்கிறேன். ரொக்க வசூலிலிருந்து ஃபாஸ்டேக்குக்கு மாறுவது, அந்தப் பிரிவின் முன் வைக்கப்பட்ட மாற்றம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் நடந்த மாற்றம் என்பதால் அதன் தேதிகள் எல்லாம் பொதுவெளியில் இருக்கின்றன. அன்று யாரும் உட்கார்ந்து லெவினின் படத்தை வரைந்தார்கள் என்று நான் சொல்லவில்லை. நாம் பின்னாலிருந்து வரைந்து பார்க்கிறோம்.

காலத்தை 2019 நவம்பரில் நிறுத்திக்கொள்வோம். டிசம்பர் 1 முதல் ஃபாஸ்டேக் கட்டாயம் என்று அறிவிப்பு வந்துவிட்டது.

படத்தில் முதலில் எழுத வேண்டியது இரண்டு நிலைகள். இப்போதைய நிலை, சென்றடைய வேண்டிய நிலை. இதிலேயே பாதிப் பேர் கோட்டை விடுவார்கள். ‘மின்னணு வசூலை மேம்படுத்துதல்’ என்று எழுதுவார்கள். அப்படி எழுதினால் விசை எந்தக் கோட்டைத் தள்ளுகிறது என்றே தெரியாது. ‘நூறு வண்டியில் இத்தனை இப்போது நிற்காமல் போகின்றன, இத்தனை போக வேண்டும்’ என்று எண்ணக்கூடிய ஒன்றை எழுத வேண்டும்.

அடுத்து, தள்ளுகிற விசைகள். இவற்றைப் பட்டியலிடுவது சுலபம், ஏனென்றால் சுற்றறிக்கையிலேயே இருக்கும். மேலிடத்தின் கெடு. சாவடியில் வரிசை குறையும். வசூல் அன்றன்றைக்கே வங்கிக்குப் போவதால் கைமாறும் ரொக்கத்தில் கசிவு இருக்காது. ஃபாஸ்டேக் அட்டை வைத்திருப்பவருக்குக் கட்டணத்தில் ஒரு சிறு பங்கு திரும்பக் கிடைக்கும் என்று சில ஆண்டுகளாகவே சலுகை கொடுத்துப் பார்த்தார்கள். 2017 டிசம்பரிலிருந்து விற்கும் புதிய கார்களில் ஆலையிலிருந்தோ விற்பனையாளரிடமிருந்தோ அட்டை ஒட்டியே வரவேண்டும் என்ற விதியும் இருந்தது.

இத்தனை தள்ளலும் இருந்தும் பெரும்பாலான வண்டிகள் ரொக்கத்திலேயே நின்றன. அப்படியானால் எதிர்ப்பக்கத்தில் பலமான ஏதோ இருக்க வேண்டும். அதை எழுதுகிற இடத்தில்தான் உண்மையான வேலை.

நம் அலுவலகங்களில் இந்தப் பக்கத்தில் முதலில் எழுதப்படும் வாசகம், ‘மக்களிடம் விழிப்புணர்வு இல்லை’. இதை நான் விசையாகவே ஏற்பதில்லை. விசை என்றால் அதற்கு ஓர் ஆள் இருக்க வேண்டும், அவர் செய்யும் ஒரு செயல் இருக்க வேண்டும், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அதில் ஒரு நியாயமும் இருக்க வேண்டும். மூன்றும் இல்லாத வாசகத்தை அடித்துவிடலாம். நாம் கேட்டுப் பார்க்கவில்லை என்பதைத்தான் அது காட்டும்.

கேட்டுப் பார்த்தால் என்ன கிடைக்கும்? சொந்தக் கார்க்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை மதுரைக்குப் போகிறவர். அவர் ஆர்சி புத்தகத்தையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு வங்கிக்கோ சாவடிக்கோ போய், அட்டைக்கு ஒரு தொகை, வைப்புத்தொகையாக ஒன்று, கணக்கில் குறைந்தபட்ச இருப்பாக ஒன்று என்று முன்பணம் கட்ட வேண்டும். மாதம் ஒருமுறைப் பயணத்துக்கு இது எதற்கு என்று அவர் கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது, நம்பிக்கை. அட்டை இருக்கிறது, பணமும் இருக்கிறது, ஆனால் ரீடர் படிக்கவில்லை. அல்லது இருப்பு வங்கி வைத்த குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போனதால், கட்டணத்துக்குப் போதுமான பணம் இருந்தும் அட்டை செல்லாது என்று திரையில் வருகிறது. பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கிறது. ரொக்கம் கொடுத்துவிட்டுப் போகிறார். இரண்டு நாள் கழித்து அட்டையிலிருந்தும் பணம் பிடித்ததாகக் குறுஞ்செய்தி வருகிறது. இப்படி ஒருமுறை நடந்தவர் பத்துப் பேரிடம் சொல்வார்.

மூன்றாவது, உள்ளூர்க்காரர். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவரின் சொந்த உபயோக வண்டிக்கு மாதப் பாஸ் உண்டு. ஆனால் எங்கேயும் நடக்கிற ஒன்று, பாஸ் எடுக்காமல் ‘நான் லோக்கல்’ என்று சொல்லி, தெரிந்த முகமாகப் போய்வருவது. மனிதர் இருக்கும் ஜன்னலில்தான் அந்தப் பேச்சு செல்லும். ரீடரிடம் செல்லாது. ஆகவே அட்டைக்கு மாறுவதென்றால் இவருக்கு இழப்பு. இந்த விசையை எந்த அதிகாரபூர்வக் கூட்டத்திலும் யாரும் எழுத மாட்டார்கள். ஆனால் வெளியில் சொல்லக் கூச்சப்படுகிற விசைகளே பெரும்பாலும் படத்தில் பலமானவை.

நான்காவது, சரக்கு வண்டி ஓட்டுநர். லாரி உரிமையாளருக்கு ஃபாஸ்டேக் பிடிக்கும். எந்தச் சாவடியை எப்போது தாண்டியது என்று உட்கார்ந்த இடத்தில் தெரியும். ஓட்டுநருக்கு அதே காரணத்தால் பிடிக்காது. வழிச்செலவு என்று கையில் கொடுக்கும் ரொக்கத்தில் அவர் சுற்றுவழி போய் மிச்சம் பிடிக்கும் வாய்ப்பு போய்விடும். ஒரே வண்டிக்குள் தள்ளும் விசையும் தடுக்கும் விசையும் உட்கார்ந்திருக்கின்றன. ‘லாரித் துறை ஆதரிக்கிறது’ என்று ஒரே வரியில் எழுதினால் இது தெரியாமலே போகும்.

கடைசியாக, ஜன்னலுக்குள் இருக்கும் ஊழியர். எட்டு மணிநேரம் சில்லறை எண்ணிக் கொடுப்பவர். ரொக்கம் போனால் இவ்வளவு பேர் எதற்கு என்று நாளை கேட்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். ரீடர் பழுதானால் திட்டு வாங்குபவரும் அவரே. பிரிவுத் தலைவர்கள் மாற்றத்தைப் பற்றிப் பேசும்போது அதிகம் மறந்துபோகும் விசை, தங்கள் சொந்தப் பிரிவுக்குள்ளேயே இருக்கும் இதுதான்.

இனி எண் போடும் கட்டம். ஒவ்வொரு விசைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, இரண்டு பக்கமும் கூட்டிப் பார்க்கும் வழக்கம் லெவினுக்குப் பின் வந்த பயிற்சியாளர்கள் சேர்த்தது. எண் போடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். எதைப் பற்றி நாம் ஒத்துப்போகவில்லை என்று அது காட்டும். ஒருவர் ஊழியர் அச்சத்துக்கு 1 போடுகிறார், இன்னொருவர் 5 போடுகிறார் என்றால் அந்த இருவரையும் பேசவிட வேண்டும். அதற்கு எண் உதவும். ஆனால் கூட்டுத்தொகையை நம்பக் கூடாது. தள்ளுவது 16, தடுப்பது 14, ஆகவே மாற்றம் நடக்கும் என்று முடிவுக்கு வருவது வேடிக்கை. கட்டணச் சலுகைக்கு 3, கெடுவுக்கு 5, வரிசை குறைவதற்கு 4, கசிவு நிற்பதற்கு 4 என்று கூட்டினால் 16 வரும். ஆனால் ரீடர் படிக்காவிட்டால் அந்த ஒற்றைத் தடை மற்ற எல்லாவற்றையும் செல்லாததாக்கிவிடும். அது கூட்டலில் ஓர் 5 மட்டுமே. விசைகள் தனித்தனியே நிற்பவை அல்ல. ஒன்று நீங்கினால்தான் இன்னொன்று வேலை செய்யும்.

அதனால் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் வேண்டும். இதை அசைக்க நம் கையில் அதிகாரம் இருக்கிறதா என்பது. சாவடி மேலாளர் வங்கியின் குறைந்தபட்ச இருப்பு விதியை மாற்ற முடியாது. ரீடரைப் பராமரிக்க முடியும். ஊழியரை ரீடர் பழுதைக் கவனிக்கும் வேலைக்குப் பழக்க முடியும். எதை மேலே எழுதி அனுப்ப வேண்டும், எதை நாளைக் காலையே தொடங்கலாம் என்று பிரிந்துவிட்டால் படம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது நடந்ததைப் படத்தோடு ஒட்டிப் பார்ப்போம். டிசம்பர் 1 கெடு டிசம்பர் 15க்குப் போனது. பிறகு நூற்றுக்கு 25 வரை பாதைகளில் ரொக்கமும் வாங்கலாம் என்று ஜனவரி 15 வரை இளக்கம் கொடுத்தார்கள். கெடு என்ற தள்ளும் விசையையே பெரிதும் நம்பியபோது இறுக்கம் ஏறி, தள்ளியவர்களே கையைத் தளர்த்த வேண்டியதாயிற்று. லெவின் இதைப் படித்திருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்.

அதற்குப் பின் நடந்தவை சுவாரசியமானவை. 2020 பிப்ரவரி 15 முதல் 29 வரை அட்டைக்கான விலையை வாங்காமல் இலவசமாகக் கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை போகிறவரின் தடையில் ஒரு பகுதி குறைந்தது. சாவடியின் கருவி பழுதாக இருந்து, செல்லுபடியாகும் அட்டையோடு வண்டி வந்தால் கட்டணமில்லாமல் விட வேண்டும் என்ற விதி 2018லேயே இருந்தது. நம்பிக்கைத் தடைக்கு நேரான மருந்து அது. பழுதின் விலையை ஓட்டுநர் தலையிலிருந்து எடுத்து வசூலிப்பவர் தலையில் வைக்கிறது. ஆனால் விதி தாளில் இருந்தால் போதாது, அது ஜன்னலில் இருப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், பின்பற்றினால் மேலாளர் திட்ட மாட்டார் என்ற உறுதியும் வேண்டும். 24 மணிநேரத்துக்குள் திரும்பி வந்தால் கிடைக்கும் சலுகை இனி ஃபாஸ்டேக் உள்ளவருக்கே என்று 2020 ஆகஸ்டில் அறிவித்தார்கள். இது தள்ளும் விசை. காலையில் மதுரை போய் மாலையில் திரும்புகிறவரை நேராகத் தொட்டது. இவற்றுக்கிடையே கொரோனா வந்தது. கைபடாத பணம் என்பது யாரும் திட்டமிடாத தள்ளலாக வந்து சேர்ந்தது.

2020 டிசம்பரில் மொத்தக் கட்டணப் பரிவர்த்தனையில் 75 முதல் 80 விழுக்காடு வரை ஃபாஸ்டேக் வழியாக நடப்பதாக அமைச்சகம் சொன்னது. 2021 ஜனவரி 1 என்றிருந்த கெடுவை பிப்ரவரி 15க்குத் தள்ளியபோது சொன்ன கணக்கு அது. பிறகு பிப்ரவரி 15 நள்ளிரவு எல்லாப் பாதைகளும் ஃபாஸ்டேக் பாதைகள் ஆயின. அட்டையில்லாமல் வந்தால் இரட்டைக் கட்டணம். பலருக்கு ஃபாஸ்டேக் என்றால் நினைவில் நிற்பது இந்த இரட்டைக் கட்டணம்தான். அடித்தால்தான் படியும் என்று அதைச் சாட்சியாகக் காட்டுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. அந்த நள்ளிரவுக்கு முன்பே ஐந்தில் நான்கு பங்குக்குப் பக்கத்தில் வந்தாகிவிட்டது. இன்னொன்று பலர் கவனிக்காதது. அதற்கு நான்கைந்து நாள் முன்னால், கார், ஜீப், வேன்களின் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு கட்டாயமில்லை என்று நெடுஞ்சாலை ஆணையம் அறிவித்தது. கணக்கு எதிர்மறையாகிவிடாத வரை வண்டி போகலாம், பற்றாக்குறை வந்தால் வங்கி வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும். பணம் இருந்தும் செல்லாது என்று வந்த அந்தத் தடை எடுக்கப்பட்ட பிறகே பெரிய தடி வந்தது. வரிசை முக்கியம். தடையை எடுக்காமல் இரட்டைக் கட்டணம் வந்திருந்தால், பணமிருந்தும் சிக்கிய ஒவ்வொருவரும் ஜன்னலில் இருப்பவரிடம் இருமடங்கு சண்டை போட்டிருப்பார்.

இரட்டைக் கட்டணம் வேலை செய்யவே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். கடைசிப் பங்கை அது நகர்த்தியது. ஆனால் அதன் விலையை யார் கட்டினார்கள் என்று பாருங்கள். முதல் வாரங்களில் கத்தலை வாங்கியவர், விதியை எழுதியவர் அல்ல. கட்டணத்தை வாங்க உட்கார வைக்கப்பட்டவர். இறுக்கம் எங்கே ஏறும் என்று கணிக்கவும் இந்தப் படம் உதவும். விசைகள் சந்திக்கும் இடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் மேல்தான் ஏறும்.

ஆய்வு சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? வசூல் பிரிவில் நான் கேட்பது ஒரே கேள்வி. அட்டையுள்ள வண்டிகள் நூற்றில் எத்தனைக்கு, ஊழியர் கைக்கருவியை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பக்கம் போக வேண்டியதாகிறது? மொத்தத்தில் எத்தனை வண்டிக்கு அட்டை இருக்கிறது என்பது கெடுவாலும் அபராதத்தாலும் ஏறும். கைக்கருவி எண்ணிக்கை, தடை குறைந்தால் மட்டுமே இறங்கும். முதல் எண் ஏறி இரண்டாவது எண் இறங்கவில்லை என்றால், தள்ளி நகர்த்தியிருக்கிறோம் என்று அர்த்தம். தள்ளுவதை விட்டால் திரும்பி வரும். ஒரு பாதையில் ஒரு வாரம் ரீடர் கோணத்தை மாற்றி, அட்டையை எங்கே ஒட்ட வேண்டும் என்று காட்டி, பிறகு இந்த எண்ணைப் பக்கத்துப் பாதையோடு ஒப்பிடலாம். செலவில்லாத சோதனை.

2025 நவம்பர் 15 அன்று விதி மறுபடி மாறியது. அட்டை இல்லாமலோ செல்லாத அட்டையோடோ வருபவர் ரொக்கமாகக் கொடுத்தால் இருமடங்கு, யுபிஐ வழியாகக் கொடுத்தால் ஒன்றேகால் மடங்கு என்றானது. தவறி வந்தவரையும் மாற மறுப்பவரையும் ஒரே தடியால் அடித்தது பொருந்தவில்லை என்று ஒப்புக்கொண்டதாகவே இதைப் பார்க்கிறேன். எஞ்சியிருக்கும் ஓரிரு விழுக்காட்டில் பலர் அட்டையை எதிர்ப்பவர்கள் அல்ல, அன்று அட்டை வேலை செய்யாதவர்கள்.

இதுவரை சொன்ன படம் இன்றைக்குச் செல்லாது. அடுத்து வருவது தடுப்புக்கட்டையே இல்லாத வசூல். குஜராத்தில் சோர்யாசிக்கும், இதே 44ஆம் சாலையில் ஹரியானாவின் கரௌண்டாவுக்கும் 2025இல் ஒப்பந்தம் போட்டாயிற்று. தலைக்கு மேல் நிற்கும் சட்டத்தில் கேமராவும் ரீடரும் இருக்கும், வண்டி வேகம் குறைக்காமல் போகும். அது கொடைரோட்டுக்கு வரும் நாளில் ‘நான் லோக்கல்’ என்று சொல்ல ஜன்னலே இருக்காது, அதனால் மூன்றாவது தடை வேறு வடிவம் எடுக்கும். மண் அப்பிய எண்பலகை புதிதாகப் படத்தில் ஏறும். வயலிலிருந்து பூ ஏற்றி வரும் வேன்களின் பின்பக்கத்தைப் பார்த்தவர்களுக்கு அது எத்தனை மதிப்பெண் என்று தெரியும். கட்டாமல் போனவரிடம் யார் போய் வசூலிப்பது என்ற கேள்விக்கு அருகில் இன்னும் பெயர் எழுதப்படவில்லை. ஊழியர் அச்சம் 5ஆக இருக்கும். இங்கே அமர்ந்திருக்கும் அலுவலர்கள் அந்தப் படத்தை இப்போதே வரையத் தொடங்கலாம். தடுக்கும் பக்கத்தின் முதல் வரியை, ஜன்னலில் இப்போது உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு எழுதுங்கள்.